ஒலி முந்தி, படம் பிந்தி: போனை வெப்கேமாக்குவோருக்கு

உங்கள் லேப்டாப்பின் மூடியை மேல்விளிம்பில் பிடித்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர்தான் தடிமன் இருக்கும். திரைக்கும் அதன் பின்தகட்டுக்கும் போக மிஞ்சும் இடத்தில்தான் கேமராவை வைத்தாக வேண்டும். லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே போதிய இடைவெளி கொடுக்க அங்கே வழியில்லை. அதனால் சென்சாரைச் சிறிதாக்குகிறார்கள். சிறிய சென்சாருக்கு வெளிச்சம் குறைவாகக் கிடைக்கும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும், நிறம் வெளிறும். விலை உயர்ந்த லேப்டாப்பிலும் கேமரா சுமாராக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். போனின் பின்பக்கக் கேமரா முதுகில் துருத்திக்கொண்டிருப்பதும் இதே காரணத்தால்தான். அதற்குத் தேவையான ஆழம் கிடைத்திருக்கிறது.

ஆகவே, வீடியோ அழைப்புக்கோ பாடம் நடத்தவோ போனையே கணினியின் கேமராவாக வைத்துக்கொள்வது நல்ல யோசனை. செய்வதாக இருந்தால் பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள். திரைப்பக்கம் இருக்கும் செல்ஃபி கேமராவின் சென்சார் பெரும்பாலான போன்களில் அதைவிடச் சிறியது.

கணினிக்குப் படத்தைக் கொண்டுபோகப் பல வழிகள் உண்டு. ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. 2022-ல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து கன்டினியூட்டி கேமரா என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. ஐபோன் எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பிந்தைய போனில் ஐஓஎஸ் 16 இருந்தால் போதும். ஆண்ட்ராய்டில் 14-ஆம் பதிப்பு முதல், போனைச் சாதாரண யுஎஸ்பி வெப்கேமாகவே கணினிக்குக் காட்டும் வசதி வந்திருக்கிறது. கூகுளின் பிக்ஸல் 6-லும் அதற்குப் பின் வந்த பிக்ஸல்களிலும் இது உண்டு. மற்ற நிறுவனங்களில் சிலர் தருகிறார்கள், சிலர் தருவதில்லை. உங்கள் போனில் இல்லையென்றால் DroidCam, Iriun, Camo போன்ற செயலிகளில் ஒன்றைப் போனிலும் அதன் இணை மென்பொருளைக் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். இந்தச் செயலிகள் பெரும்பாலும் கேபிள் வழியாகவும் வேலை செய்யும், வைஃபை வழியாகவும் வேலை செய்யும். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

கேபிள் போட்டால் படம் தெளிவாக இருக்கும், வைஃபையில் மங்கலாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பெரும்பாலும் சரியல்ல. கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும்.

முழு எச்டி படம் என்பது 1920-க்கு 1080 புள்ளிகள். பெருக்கினால் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட், நொடிக்கு 30 படம் என்று கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 100 கோடி பிட், அதாவது 1000 மெகாபிட். யுஎஸ்பி 2.0 கேபிளின் உச்ச வேகம் ஏட்டளவில் 480 மெகாபிட். நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. டைப்-சி துளை உள்ள பல போன்கள் உள்ளுக்குள் இந்த யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடுகின்றன. ஐபோன் 15-ம் அப்படித்தான். ஆக, கேபிள் போட்டாலும் போன் படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்படிச் சுருக்கிய நல்ல எச்டி படத்துக்கு நொடிக்கு 5 முதல் 10 மெகாபிட் போதும். வீட்டு வைஃபை எவ்வளவு சுமாராக இருந்தாலும், ரௌட்டர் இருக்கும் அறைக்குள் அந்த அளவைச் சுமந்துவிடும்.

கணினிக்கு வந்து சேர்ந்த படத்தை அழைப்புச் செயலி இன்னொரு முறை சுருக்குகிறது. முழு எச்டி அனுப்ப 3.8 மெகாபிட் மேல்வேகம் வேண்டும் என்பது ஜூம் நிறுவனமே சொல்லும் அளவு. பல கூட்டங்களில் படம் 720 வரிகளுக்கு, சில நேரம் அதற்கும் கீழே இறங்கிவிடும். மறுமுனையில் இருப்பவர் பார்ப்பது இந்த இரண்டாவது சுருக்கலுக்குப் பிந்தைய படம். அதை வைத்துக்கொண்டு நீங்கள் கேபிள் போட்டிருந்தீர்களா, வைஃபையில் அனுப்பினீர்களா என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.

கேபிளின் உண்மையான பலம் நேரத்தில் இருக்கிறது. படம் எவ்வளவு தாமதமாக வருகிறது, அந்தத் தாமதம் ஒரே அளவில் நிற்கிறதா, கூடிக்குறைகிறதா என்பதுதான் இங்கே விஷயம்.

வைஃபையில் போனும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. போன் ரௌட்டருக்கு அனுப்புகிறது, ரௌட்டர் லேப்டாப்புக்கு அனுப்புகிறது. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒவ்வொரு துண்டுப் படமும் அதே காற்றை இரண்டு தடவை கடக்க வேண்டும். அந்தக் காற்றோ ஒற்றைத் தண்டவாளம் மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு டிவி, மற்ற போன்கள், பக்கத்து வீட்டு ரௌட்டர் என்று எல்லாருக்கும் அதே பாதைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரௌட்டர்கள் அந்த மூன்றைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன.

ஏதாவது ஒரு துண்டு வழியில் கெட்டுப்போனால் போன் அதை மறுபடி அனுப்பும். அதற்குள் அடுத்த படம் தயாராகி வரிசையில் நிற்கும். சராசரி வேகம் நன்றாகத்தான் இருக்கும். வேகம் பார்க்கும் தளத்தில் 80 மெகாபிட் என்று காட்டும். ஆனாலும் படம் ஒரு கணம் நின்று, பிறகு அவசர அவசரமாக ஓடி வரும். செயலி பழைய படங்களைத் தூக்கி எறியாமல் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும் வகையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு தடங்கலிலும் சேரும் தாமதம் அப்படியே தங்கிவிடும். அரை மணி நேரத்தில் படம் முழு நொடி பின்தங்கியிருக்கும். செயலியை நிறுத்திவிட்டு மறுபடி இணைத்தால் சரியாகிவிடுகிறது என்றால் நடந்தது இதுதான்.

இதில் என்ன பெரிய கெடுதல் என்று கேட்கலாம். அலுவலகக் கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டிருப்பவருக்குப் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. யாருக்குக் கெடுதல் என்பதை ஒரு மிருதங்க ஆசிரியரின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அவர் கும்பகோணத்தில் இருக்கிறார். டொராண்டோவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லித்தருகிறார். வலந்தலையில் விரல் எங்கே விழுகிறது என்பது தெரிந்தாக வேண்டும் என்பதால் போனை ஸ்டாண்டில் மாட்டி, கையைப் பார்த்தபடி வைத்திருந்தார். படம் வைஃபையில் லேப்டாப்புக்குப் போனது. சத்தத்துக்கு நல்ல மைக் வாங்கி லேப்டாப்பிலேயே செருகியிருந்தார். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. ஒருநாள் ஒரு மாணவனின் அம்மா, “சார், உங்க கை ஒண்ணு வாசிக்குது, சத்தம் வேற ஒண்ணு கேக்குது. அங்க நெட் ஸ்லோவா இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். ஆசிரியர் கூடுதல் பணம் கட்டி இன்னும் வேகமான இணைய இணைப்புக்கு மாறினார். ஒரு மாற்றமும் இல்லை.

இருக்கவும் முடியாது. கும்பகோணத்துக்கும் டொராண்டோவுக்கும் இடையே எவ்வளவு தாமதம் இருந்தாலும், அழைப்புச் செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் நேரக்குறி போட்டு அனுப்பி, மறுமுனையில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. அந்த நேரக்குறி விழுவது படம் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான். போனிலிருந்து லேப்டாப்புக்கு வருவதற்குள் அது எவ்வளவு பழசாகிவிட்டது என்று செயலிக்குத் தெரிய வழியில்லை. இப்போது எடுத்த படம் என்றே எடுத்துக்கொள்கிறது. மைக்கின் ஒலியோ நேராக உள்ளே வந்துவிடுகிறது. ஆக, ஒலி முந்துகிறது, படம் பிந்துகிறது. அந்த இடைவெளி அப்படியே டொராண்டோ வரை போய்ச் சேர்கிறது.

ஒலி முந்துவதுதான் நமக்கு அதிகம் உறுத்தும். மைதானத்தின் மறுகோடியில் மட்டையில் பந்து படுவது முதலில் தெரியும், டொக் என்ற சத்தம் பிறகு வரும். ஒளி முந்தி ஒலி பிந்துவது இயற்கை, மூளைக்கு அது பழக்கம். தலைகீழாக நடப்பதை அது உடனே கண்டுபிடித்துவிடும். ஒலிபரப்புத் துறைக்காக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரை இதை எண்ணில் சொல்கிறது. ஒலி பிந்தினால் 125 மில்லிநொடி வரை பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. முந்தினால் 45 மில்லிநொடியிலேயே தெரிந்துவிடுகிறது. முந்துவது 90 மில்லிநொடியைத் தாண்டினால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

பேச்சுக்கே இப்படி என்றால் மிருதங்கத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற காலப்பிரமாணத்தில், ஒரு தட்டுக்கு நான்கு எழுத்தாக ‘தகதிமி’ வாசித்தால் நொடிக்கு ஆறு அடி விழும். ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய 167 மில்லிநொடி. படம் அந்த அளவுக்குப் பிந்தினால், ‘தி’ காதில் விழும்போது கண்ணுக்குத் தெரிவது ‘க’ வாசிக்கும் விரல். பிள்ளை விரலைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. தவறான விரலைத் தவறான சொல்லோடு சேர்த்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

தாமதத்தை அளக்க கருவி எதுவும் வேண்டியதில்லை. லேப்டாப் திரையின் ஒரு பாதியில் நூறில் ஒரு பங்கு நொடி வரை காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓடவிடுங்கள். மறுபாதியில் போன் கேமராவின் படம் தெரியும் சாளரத்தைத் திறந்து வையுங்கள். போனை ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி திருப்புங்கள். இப்போது திரையில் இரண்டு ஸ்டாப்வாட்ச் தெரியும். ஒன்று அசல், இன்னொன்று போன் வழியாகச் சுற்றி வந்தது. கீபோர்டில் ஸ்கிரீன்ஷாட் பொத்தானை அழுத்திவிட்டு, கிடைத்த படத்தில் இரண்டு எண்களையும் கழித்தால் தாமதம் கிடைத்துவிடும். அசல் 12.48 என்றும் சுற்றி வந்தது 12.30 என்றும் இருந்தால் தாமதம் 180 மில்லிநொடி. சில நிமிட இடைவெளி விட்டுவிட்டுப் பல படங்கள் எடுங்கள். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் வீட்டில் வைஃபையில் அளந்தபோது குறைந்தபட்சம் 180 மில்லிநொடி வந்தது. அதே பத்து நிமிடத்துக்குள் 400-ம் வந்தது. அதே போனைக் கேபிளில் செருகி அளந்தால் 80-க்கும் 95-க்கும் நடுவே நின்றது. கேபிளிலும் தாமதம் அடியோடு போய்விடுவதில்லை. போன் படத்தைச் சுருக்கவும் கணினி அதை விரிக்கவும் நேரம் எடுக்கிறது. நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கே 33 மில்லிநொடி. மைக்கின் ஒலியும் உள்ளே வரச் சுமார் 30 மில்லிநொடி எடுக்கும் என்று கழித்தால், ஒலி முந்துவது 60 மில்லிநொடி அளவுக்கு வந்துவிடுகிறது. உற்றுப் பார்ப்பவருக்கு அதுவும் லேசாகத் தெரியலாம், ஆனால் விரலும் சொல்லும் இப்போது ஒன்றையொன்று விட்டுப் போவதில்லை.

என்னைக் கேட்டால், 180 என்ற எண்ணைவிட 180-க்கும் 400-க்கும் இடையில் அலைந்ததுதான் பெரிய குறை. நிலையான தாமதத்தைச் சரிக்கட்ட முடியும். பாடத்தைப் பதிவு செய்பவர்கள் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில் மைக்கின் ஒலிக்கு Sync Offset என்ற இடத்தில் 60 என்று போட்டால் ஒலி அந்த அளவு பின்னுக்கு நகர்ந்து படத்தோடு சேர்ந்துவிடும். அலையும் தாமதத்துக்கு எந்த எண்ணைப் போடுவது? இப்போது பொருந்துவது ஐந்து நிமிடத்தில் பொருந்தாது. போனின் மைக்கையே பயன்படுத்தினால் ஒலியும் படமும் ஒன்றாகத் தாமதமாகுமே என்றும் அவர் முயன்று பார்த்தார். பேச்சுக்காகத் தயாரிக்கப்பட்ட போன் மைக், தொப்பியின் கும்கியை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிட்டது. ஆகவே மைக் மைக்காகவே இருக்கட்டும், போனுக்குக் கேபிள் போடுவோம் என்று முடிவாயிற்று.

கேபிளுக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. முதல் தொல்லை, கேபிளே. மலிவு விலையில் கிடைக்கும் பல கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவலுக்கான கம்பிகள் இருக்காது. செருகியதும் சார்ஜ் ஏறும், அதனால் கேபிள் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டு செயலியைக் குறை சொல்வோம். போனில் வரும் யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டுப் பாருங்கள். கோப்பு மாற்றுவதற்கான File transfer என்ற தேர்வு வேலை செய்து, கணினியில் போன் தெரிந்தால் கேபிள் சரி. சார்ஜ் மட்டும் ஏறி வேறு எதுவும் தெரியாவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். விலை உயர்ந்த அதிவேகக் கேபிள் தேவையில்லை, யுஎஸ்பி 2.0 தகவல் கேபிள் இந்த வேலைக்குத் தாராளம். நீளம் மட்டும் கவனம். யுஎஸ்பி 2.0-க்கான எல்லையே 5 மீட்டர். நீட்டிப்புக் கேபிள்களை ஒன்றோடொன்று கோத்து அறை முழுக்க இழுத்தால் இணைப்பு விட்டு விட்டு வரும்.

ஆண்ட்ராய்டு 14-இன் வசதி உள்ள போனாக இருந்தால் அதே அறிவிப்பில் Webcam என்ற தேர்வும் இருக்கும். அதைத் தொட்டால் வேலை முடிந்தது. கணினியில் எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம், கடையில் வாங்கிய வெப்கேமைப் போலவே அழைப்புச் செயலியின் கேமராப் பட்டியலில் போன் தெரியும். செயலிகள் வழியாகக் கேபிளில் இணைப்பவர்கள் ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் USB debugging என்பதைத் திறந்துவிட வேண்டியிருக்கும். அமைப்புகளில் Build number என்ற வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும், அதற்குள் இது இருக்கும். அதைத் திறந்து வைத்தால் இணைக்கப்பட்ட கணினிக்குப் போனுக்குள் நிறைய அதிகாரம் கிடைக்கிறது. அதனால் சில வங்கிச் செயலிகள் அது திறந்திருக்கும்போது வேலை செய்ய மறுக்கும். பாடம் முடிந்ததும் அதை அணைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உங்களுடையதல்லாத கணினியில் இதைச் செய்யவே வேண்டாம்.

அடுத்தது சூடு. கேமராவும் படத்தைச் சுருக்கும் சிப்பும் தொடர்ந்து ஓடினால் போன் தானாகவே சூடாகும். கேபிளில் சார்ஜும் ஏறுவதால் அந்தச் சூடும் சேரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கணினியின் சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். போன் அதைவிட அதிகம் தின்றால், சார்ஜ் ஆகிக்கொண்டிருப்பதாகக் காட்டியபடியே பேட்டரி மெல்ல இறங்கும். நீண்ட வகுப்பு என்றால் முழு சார்ஜோடு தொடங்குங்கள். உறையைக் கழற்றிவிடுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். சித்திரை வைகாசியில் இது மிகவும் தேவைப்படும். சூடு எல்லை மீறினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இருபது நிமிடம் நன்றாக ஓடிய படம் அதன்பின் திக்கத் தொடங்குகிறது, தொட்டால் போன் சுடுகிறது என்றால் வைஃபையையோ கேபிளையோ குறை சொல்லிப் பயனில்லை. முழு எச்டியை விட்டு 720-க்கு இறக்குங்கள். மறுமுனைக்குப் பெரும்பாலும் அதுதான் போகிறது என்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

வைஃபையே சரியான தேர்வாக இருக்கும் இடங்களும் உண்டு. அறை முழுக்க நடந்து ஆசனம் சொல்லித்தரும் யோகா ஆசிரியை, தையல் மிஷினின் ஊசிமுனையையும் தன் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியவர், வாசலில் கோலம் போட்டுக் காட்டுபவர் ஆகியோருக்குக் கேபிள் காலில்தான் மாட்டும். அவர்களுக்கு ஒலி முந்துவது பெரிய விஷயமும் இல்லை. அவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒன்று, லேப்டாப்பை ரௌட்டரோடு லேன் கேபிளால் இணைப்பது. போன் கம்பியில்லாமலே இருக்கட்டும். படம் காற்றைக் கடப்பது இரண்டு தடவையிலிருந்து ஒரு தடவையாகக் குறைந்துவிடும். அடுத்து, போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். நெரிசல் குறைவு. சுவரைத் தாண்டினால் இந்த அலை வலுவிழந்துவிடும் என்பதால் ரௌட்டர் இருக்கும் அறையிலேயே இருப்பது நல்லது.

ஒரு சந்தேகம் பலருக்கும் வருகிறது: வைஃபையில் அனுப்பினால் டேட்டா தீருமா? போனிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் படம் உங்கள் வீட்டு ரௌட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை, அதனால் அது இணையக் கணக்கில் சேராது. போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தாலும் அப்படியே. லேப்டாப்பிலிருந்து அழைப்புக்காக வெளியே போவது மட்டும்தான் டேட்டாவில் கழியும். ரௌட்டர் இல்லாத இடத்தில் ஹாட்ஸ்பாட் நல்ல வழியும்கூட. போனும் லேப்டாப்பும் இடையில் யாரும் இல்லாமல் பேசிக்கொள்கின்றன.

கல்லூரி விடுதியிலும் அலுவலகத்திலும் இன்னொரு சிக்கல் வரும். போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்கும், இணையமும் வரும், ஆனால் செயலி இணையவே இணையாது. பொது இடங்களில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி வைஃபையைப் பிரித்து வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது அது, குறுக்குவழி தேடாமல் கேபிளுக்கோ ஹாட்ஸ்பாட்டுக்கோ மாறிவிடுங்கள். வீட்டிலும் இந்தப் பாதுகாப்பை நினைவில் வைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. DroidCam போன்ற செயலிகள் `192.168.1.7:4747` என்பதைப்போல ஒரு முகவரியைப் போன் திரையில் காட்டும். அதே வைஃபையில் இருக்கும் வேறு யாராவது அந்த முகவரியை பிரவுசரில் தட்டினால் உங்கள் கேமராவின் படம் அவருக்கும் தெரியக்கூடும். செயலியில் கடவுச்சொல் வைக்கும் வசதி இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால், வேலை முடிந்ததும் செயலியை முழுவதுமாக மூடுங்கள். திரையை அணைப்பது மட்டும் போதாது.

படம் திக்குவதற்கு இணைப்போடு சம்பந்தமே இல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. மங்கலான அறையில் ஒவ்வொரு படத்துக்கும் போதிய ஒளி சேரவில்லையென்றால் போன், கேமராவை அதிக நேரம் திறந்து வைக்கும். நொடிக்கு 30 படம் எடுக்க வேண்டுமானால் ஒரு படத்துக்கு முப்பதில் ஒரு பங்கு நொடிக்கு மேல் கொடுக்க முடியாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் எண்ணிக்கையை 15 வரைக்கும்கூடக் குறைத்துவிடும். பார்ப்பதற்கு வைஃபை திணறுவதைப்போலவே இருக்கும். பிரித்தறிவது எளிது. கையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். வைஃபை திணறினால் கை ஒரு இடத்தில் உறைந்து, பிறகு தாவும், ஆனால் உறைந்த படம் கூர்மையாக இருக்கும். வெளிச்சம் போதாவிட்டால் உறையாது, கை புகைபோல இழுபட்டுக்கொண்டே போகும். பகலில் போனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினால் அது உடனே சரியாகிவிடும். இரவில் முகத்துக்கு எதிரே ஒரு டியூப்லைட் போதும். அப்போது படத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால், செயலியின் அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்றிருப்பதை 50 ஆக மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் விளக்குகள் நொடிக்கு நூறு தடவை துடிக்கின்றன. கனடாவில் இருக்கும் மாணவன் தன் வீட்டில் அதை 60-லேயே விட்டுவைக்க வேண்டும்.